எட்டு வகை அட்டையில் தமிழ் எழுத்து: வெளிநாட்டுப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டொராண்டோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஒன்றில் சில வருஷங்களாகச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து அட்டைகளை வைத்துப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்து கோட் மாட்டுகிற நேரத்தில் பெற்றோர் கேட்கும் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. வீட்டில் தமிழ் ஓரளவு காதில் விழுகிற, ஐந்திலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் பதில்கள்.

247 எழுத்தையும் மனப்பாடம் பண்ண வைக்கணுமா? சார்ட்டைப் பார்த்தாலே எனக்கே பயமா இருக்கு.

வேண்டாம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று கூட்டினால்தான் 247. அந்த 216-ம் தனித்தனி வடிவம் இல்லை. 18 எழுத்தும், அவற்றோடு சேரும் பதினோரு குறிகளும்தான். கால் போட்டால் கா, மா, பா என்று எல்லாம் ஒரே மாதிரி மாறுகின்றன. உ, ஊ வரிசை மட்டும் இதற்கு அடங்காது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

தவிர, சார்ட்டில் இருக்கிற எல்லாம் சொற்களில் வருவதும் இல்லை. ங எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கம், மாங்காய் என்று க-வுக்கு முன்னால் புள்ளியோடு வருவதைத் தவிர அன்றாடச் சொற்களில் அதற்கு வேலையே இல்லை. ஙா, ஙி, ஙீ என்று பன்னிரண்டையும் எழுதவைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வேண்டாம்.

நாம எல்லாரும் அ, ஆ, இ, ஈ வரிசையிலதானே படிச்சோம்? அதுல என்ன தப்பு?

தப்பு இல்லை. ஆனால் நாம் படித்தபோது சுற்றிலும் தமிழ் இருந்தது. கடைப் பலகை, பஸ்ஸின் நெற்றி, தீப்பெட்டி என்று எதைப் பார்த்தாலும் எழுத்துதான். பன்னிரண்டு உயிர் முடித்து, பதினெட்டு மெய் முடித்து, அப்புறம் சொல்லுக்கு வரலாம் என்று காத்திருக்க முடிந்தது. இங்கே வாரத்துக்கு இரண்டரை மணி நேர வகுப்பு, நடுவில் விடுமுறைகள். வரிசைப்படி போனால் பிள்ளை முதல் சொல்லைத் தானாகப் படிக்க மாதக்கணக்காகிறது. அதற்குள் ஔ, ஞ என்று அதிகம் பார்க்காத எழுத்துகளையெல்லாம் எழுதிக் களைத்துப்போகிறது.

வடிவத்திலும் சிக்கல் உண்டு. பென்சில் பிடிக்கப் பழகும் கைக்கு அ-வும் இ-யும் கடினமானவை. சுழியும் வளைவும் அதிகம். ட, ப, ம மூன்றும் ஏறக்குறைய நேர்கோடுகள். அதனால் நான் ட, ப, ம-வில் தொடங்குகிறேன். அ ஆ இ ஈ வரிசையைப் பாட்டாகப் பாடட்டும், நல்லதுதான். அகராதி புரட்ட ஒருநாள் உதவும். படிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு அந்த வரிசையைப் பிடித்துத் தொங்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

சரி, அப்போ முதல்ல எந்த எழுத்து? எத்தனை?

எட்டு. அ, ப, ம, த, ட என்று ஐந்து எழுத்து. துணைக்கால் (ா), இகரக் குறி (ி), புள்ளி (்) என்று மூன்று குறி. இந்த எட்டை வைத்து என்னென்ன எழுத முடிகிறது பாருங்கள்: அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, மாமா, மாமி, தம்பி, பாப்பா, அப்பத்தா, படம், பட்டம், பாடம், படி, மாடி, மாதம், பாதி.

வீட்டில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே வாயில் இருக்கிற சொற்கள் இவை. புதுச் சொல்லையும் புது எழுத்தையும் ஒரே சமயத்தில் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. கடையில் விற்கிற பல அட்டைத் தொகுப்புகளில் நான் காணும் குறை இதுதான்: ஔ-வுக்கு ஔடதம், ஃ-க்கு எஃகு. நான்கு பேர் கொண்ட வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறைகூட யாரும் உச்சரிக்காத சொல்லைப் படம் போட்டு மாட்டி என்ன பயன்?

அட்டையை வீட்டிலேயே எப்படிச் செய்றது? ஒவ்வொண்ணும் எத்தனை வேணும்?

சீரியல் பெட்டியின் உள்பக்கம் போதும். எழுத்துக்கு 6 சென்டிமீட்டர் சதுரம். குறிக்கு அதே உயரம், பாதி அகலம். எழுத்தைக் கறுப்பு மார்க்கரிலும் குறியைச் சிவப்பிலும் எழுதுங்கள். எதோடு எது சேர்ந்தது என்று பிள்ளைக்குக் கண்ணிலேயே தெரியும். எல்லா அட்டையிலும் அடியில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ப-வைத் தலைகீழாக வைத்துவிட்டு, இது என்ன எழுத்து என்று நம்மையே கேட்பார்கள். புள்ளியை மட்டும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் வைத்து வெட்டுங்கள். எழுத்தின் மேல் அதைப் போட்டால் ம, ம் ஆகிவிடும். எடுத்தால் மறுபடி ம. 'புள்ளி வைத்தால் ஓசை பாதியில் நின்றுவிடும்' என்று நான் அரைமணி நேரம் சொன்னது ஏறாத பிள்ளைக்கு, அந்தத் துண்டை இரண்டு தடவை தூக்கி வைத்ததும் புரிந்துவிட்டது.

எண்ணிக்கை சொல்லிலிருந்துதான் வருகிறது. பாப்பாவுக்கு ப மூன்று, கால் இரண்டு, புள்ளி ஒன்று. தாத்தாவுக்கு த மூன்று. பட்டத்துக்கு ட இரண்டு, புள்ளி இரண்டு. இப்படிக் கணக்கிட்டால் ப 3, த 3, ம 2, ட 2, அ 1, கால் 2, இகரக் குறி 1, புள்ளி 2, மொத்தம் 16. இதோடு 'டி' என்று முழு எழுத்தாக ஒரு அட்டை சேர்த்துக்கொள்ளுங்கள். மி, பி, தி எல்லாவற்றிலும் குறி பக்கத்தில் நிற்பதுபோல் காட்டினால் பிள்ளை ஏற்றுக்கொள்ளும். ட-வில் மட்டும் அந்தக் குறி அடிக்கோட்டின் முனையிலிருந்தே எழும்புகிறது. தனித்தனியாக வைத்தால் அச்சில் பார்ப்பதுபோல் இருக்காது. ஆக 17 அட்டை, ஒரு மாலை வேலை.

நாங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள். எங்கட வீட்டில பாட்டி எண்டு ஒருத்தரும் இல்லை, அம்மம்மாதான். இந்த அட்டை சரிவருமோ?

நன்றாகவே வரும். அம்மம்மா, அப்பம்மா, அம்மப்பா, அப்பப்பா நான்கும் அதே எட்டுக்குள் அடங்குகின்றன. அம்மம்மாவுக்கு ம நான்கு வேண்டும், அப்பப்பாவுக்கு ப நான்கு. ஆகவே ம இரண்டு, ப ஒன்று கூடுதலாக வெட்டி, 20 அட்டையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய விஷயம் அட்டையில் இல்லை, படத்தில். தமிழ்நாட்டில் அச்சான தொகுப்பில் நாற்காலி என்று இருக்கும். உங்கள் பிள்ளை அதைக் கதிரை என்று சொல்லும். ஷூ என்பது உங்கள் வீட்டில் சப்பாத்து. ஆரஞ்சு தோடம்பழம், பிரெட் பாண். பிள்ளை படத்தைப் பார்த்துக் கதிரை என்று சொன்னால் அது சரியான பதில். படத்தின் அடியில் இருக்கிற சொல்லைக் காகிதம் ஒட்டி மறைத்து, வீட்டில் புழங்கும் சொல்லை எழுதுங்கள். மற்றச் சொல்லை எட்டு, ஒன்பது வயதில் தெரிந்துகொள்ளலாம். என் வகுப்பில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இருப்பதால் ஊர்ப் பெயரில்கூட இந்தக் கூத்து உண்டு. நான் டொராண்டோ என்று எழுதுவேன், பக்கத்து மேசை அம்மா ரொறன்ரோ என்று எழுதுவார். பிள்ளைகள் யாரும் அதற்காகக் குழம்பிப் பார்த்ததில்லை. பெரியவர்கள்தான் வாதாடுவார்கள்.

எட்டும் வந்துடுச்சு. அடுத்தது என்ன?

க, ல, ர மூன்றையும் சேருங்கள். கல், கால், பல், பால், பல்லி, மரம், காகம், கப்பல், கட்டில், அக்கா எல்லாம் கிடைக்கும். காரம் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். இங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு அதைவிட நன்றாகத் தெரிந்த சொல் கிடையாது. அதன்பின் ஆ, இ, வ, ன, ந. வாரத்துக்கு ஒரு புது எழுத்துக்கு மேல் நான் கொடுப்பதில்லை. முந்தைய வாரத்து எழுத்தை யோசிக்காமல் படித்தால்தான் அடுத்தது.

ர வரும்போது ஒரு இடறல் காத்திருக்கிறது. ர-வும் துணைக்காலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்; அடியில் சாய்ந்த சின்னக் கோடுதான் வித்தியாசம். 'காரம்' என்று எழுதினால் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். முன்பே சொன்ன சிவப்பும் கறுப்பும் இங்கேதான் கைகொடுக்கின்றன. ர-வின் அடிக்கோட்டைக் கொஞ்சம் நீளமாகவே இழுத்து எழுதுங்கள்.

கு, சு, து, மு... ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கே! இதுக்கும் சிவப்புக் குறி அட்டை செய்யலாமா?

செய்ய முடியாது. உகரத்துக்கு என்று பிரித்தெடுக்கக்கூடிய ஒரே குறி இல்லை. முழு எழுத்தாகவே அட்டை வெட்டுங்கள். ஆனால் நினைக்கிற அளவுக்குத் தாறுமாறும் இல்லை. 18 எழுத்தும் மூன்று கூட்டமாகப் பிரியும். சு, பு, யு, வு, ஙு ஐந்திலும் வலப்பக்கக் கோடு கீழே இறங்கிவிடும், அவ்வளவுதான். து, நு, லு, று, னு, ணு, ஞு ஏழிலும் கோடு கீழே போய்ச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும். மீதி ஆறும், கு, டு, மு, ரு, ழு, ளு, எழுத்தை வளைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றும்.

கூட்டம் கூட்டமாகவே கொடுங்கள். அகரவரிசையில் கு, ஙு, சு, ஞு, டு என்று போனால் அடுத்தடுத்து வெவ்வேறு மாதிரி வந்து தலை சுற்றும். நான் மூன்றாம் கூட்டத்திலிருந்து டு, மு எடுத்துத் தொடங்குவேன். மாடு, ஆடு, தட்டு, பாட்டு, முட்டாய் என்று சொல் வசதி அங்கேதான் அதிகம். (மிட்டாய்தான் சரி. ஆனால் 'முட்டாய்' என்று எழுதிக்காட்டிய பிள்ளையை நான் திருத்தவில்லை. காதில் கேட்டதைப் பிசகாமல் எழுதியிருந்தது.) ஊகார வரிசைக்கு அவசரம் இல்லை. பூ, பூனை, மூக்கு, தூக்கம் போதும் இப்போதைக்கு. கூ யாரோடும் சேராத தனி வடிவம். அதைப் பார்த்துப் பழகுவதைத் தவிர வேறு வழி இல்லை.

கெ எழுதச் சொன்னா கொம்பை க-வுக்குப் பின்னாடி போடுறான். எத்தனை தடவை சொன்னாலும் அதேதான்.

அவன் காதுக்கு உண்மையாக இருக்கிறான். வாய் முதலில் க் என்கிறது, அப்புறம்தான் எ. எழுத்தில் எ-வின் குறி முன்னால் வந்து நிற்கிறது. கால், இகரக் குறி எல்லாம் வலப்பக்கம் பழகிய பிறகு திடீரென இடப்பக்கம் என்றால் யாருக்கும் தடுமாறும்.

அட்டையில் இப்படிச் செய்யுங்கள். க-வை நடுவில் வைத்து, பிள்ளை 'க' என்று சொல்லட்டும். கொம்பை வலப்பக்கம் கையில் பிடித்துக்கொண்டு, க-வின் தலைக்குமேல் தூக்கி இடப்பக்கம் கொண்டுவந்து இறக்கியபடி 'கெ' என்று சொல்லட்டும். அந்தக் கைவீச்சு நினைவில் நிற்கும். ஒற்றைக்கொம்பில் தொடங்காமல் ஐகாரக் குறியில் தொடங்குவது இன்னும் எளிது, ஏனென்றால் தலை, மலை, கடை, குடை, இலை என்று தெரிந்த சொற்களின் கடைசியில் அது வரும். சொல்லின் முன்பாதியை ஏற்கெனவே படித்துவிட்டதால் ஊகிக்க முடியும். அப்புறம் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு. இரண்டு பக்கமும் அணைக்கும் கொ, கோ கடைசி. கௌ வரிசையை நான் முதல் இரண்டு வருஷம் தொடுவதே இல்லை. அதன் வலப்பாதி அப்படியே ள மாதிரி இருப்பதால் 'கெள' என்று படிப்பார்கள், குறை சொல்லவும் முடியாது.

தமிழ் எழுத்துக்குக் கீழ இங்கிலீஷ்ல உச்சரிப்பு எழுதி வெச்சா சீக்கிரம் வந்துடாதா?

சீக்கிரம் வந்ததுபோல் தெரியும். கண் தனக்குப் பழக்கமான எழுத்துக்குத்தான் போகும், தமிழ் எழுத்தைப் பார்க்கவே பார்க்காது. ஒரு தாள் எடுத்து ஆங்கில வரியை மறைத்துப் பாருங்கள், பிள்ளை விழிக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. ப என்ற ஒரே எழுத்து பாட்டியில் பென்சிலின் ஓசை, தம்பியில் பஸ்ஸின் ஓசை. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு வேறு எழுத்தாகிவிடும். ப-வுக்கு எது என்று பிள்ளை கேட்கும், நாமும் திணறுவோம். உண்மையில் தமிழில் இடம்தான் ஓசையைத் தீர்மானிக்கிறது. சொல்லின் முதலிலும், இரட்டித்து வரும்போதும் வன்மை: பட்டம், அப்பா. ம், ந், ண், ங் போன்றவற்றுக்குப் பின்னாலும், இரண்டு உயிரோசைக்கு நடுவிலும் மென்மை: தம்பி, பந்து, படம், பாதி. வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதை விதியாகச் சொல்லவே தேவையில்லை. தம்பி என்ற சொல்லைத் தெரிந்திருப்பதால் சரியாகவே வாய் போகும். தொடக்கச் சொற்கள் வீட்டுச் சொற்களாக இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுவும் காரணம்.

ன, ண, ந... ல, ள, ழ... இதை எப்படித்தான் பிரிச்சுக் காட்டுறது? எனக்கே சில சமயம் குழம்பும்.

ந, ன குழப்பத்துக்குக் காது வேண்டாம், இடம் போதும். சொல்லின் தொடக்கத்தில் ந-தான்: நாய், நரி, நண்டு. சொல்லின் தொடக்கத்தில் ன வரவே வராது. நடுவில் ந் வந்தால் அடுத்தது த: பந்து. ட-வுக்கு முன்னால் ண்: வண்டி. ற-வுக்கு முன்னால் ன்: கன்று. தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என்ற பழைய பெயர்களே இதைத்தான் சொல்கின்றன.

ல, ள, ழ அப்படியில்லை. சொல் சொல்லாகத்தான் பழக வேண்டும். நான் செய்த தவறைச் சொல்கிறேன். முதல் வருஷம் பல்லி, பள்ளி என்று ஜோடி போட்டு ஒரே நாளில் காட்டினேன். அழகான பாடம் என்று நினைப்பு. அடுத்த வாரம் பள்ளிக்கூடம் சுவரில் ஊர்ந்தது. இரண்டையும் சேர்த்துக் கற்றவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. இப்போதெல்லாம் பல்லி, பால், கால் என்று ல நன்றாக ஊன்றி, இரண்டு மாதம் கழித்துத்தான் பள்ளி, கிளி. ழ-வுக்குப் பழம், மழை. வீட்டில் பளம் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். எழுத்தில் ழ என்று காட்டினால் போதும்.

வாட்ஸப்பில் வந்த ஒர்க்ஷீட்டைத் திறந்தால் mk;kh என்று வருகிறது. வைரஸா?

இல்லை, அது அம்மாதான். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு. அந்த எழுத்துருவில் ஆங்கில எம் இருக்கும் இடத்தில் அ-வும், கே இருக்கும் இடத்தில் ம-வும் உட்கார்ந்திருக்கும். உங்கள் கணினியில் பாமினி இல்லாததால் அடியில் இருக்கிற ஆங்கிலம் வெளியே தெரிகிறது. பாமினியை நிறுவினால் சரியாகிவிடும். யூனிகோடுக்கு மாற்றித்தரும் பக்கங்களும் இணையத்தில் உண்டு. இல்லையென்றால் அனுப்பியவரிடம் பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள், எழுத்துரு உள்ளேயே வந்துவிடும்.

நீங்களே அச்சிடுவதானால் Noto Sans Tamil மாதிரி கோடு ஒரே தடிமனாக இருக்கும் எழுத்துரு நல்லது, இலவசம்தான். குறிகளைத் தனியாகத் தட்டச்சு செய்தால் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் வரும். பிள்ளை அதையும் எழுத்து என்று நினைத்து வரையும். குறி அட்டையைக் கையால் எழுதிவிடுங்கள்.

கார்டைக் காட்டினா டக்குனு சொல்றா. ஆனா நிஜமாவே படிக்கிறாளா, படத்தைப் பார்த்துச் சொல்றாளான்னு எப்படித் தெரியும்?

அர்த்தமே இல்லாத சொல் ஒன்றை அட்டையில் கோத்துக் காட்டுங்கள். மிதா, தபம், பாமட்டி. எழுத்தைப் படிக்கிற பிள்ளை மெதுவாகவாவது 'பா... மட்... டி' என்று சொல்லிவிட்டுச் சிரிக்கும். மனப்பாடம் செய்த பிள்ளை பாட்டி என்று சொல்லும், அல்லது உங்கள் முகத்தைப் பார்க்கும்.

முகத்தைப் பார்த்தால் படம் போட்ட அட்டைகளை ஒரு மாதம் அலமாரியில் வைத்துவிட்டு, பதினேழு அட்டைக்குத் திரும்புங்கள். பிள்ளையே பேத்தல் சொல் உண்டாக்கி, நீங்கள் படிக்க வேண்டும் என்று ஆட்டத்தைத் திருப்பிவிடுங்கள். என் மகள் 'தாப்பிடம்' என்று ஒன்று செய்தாள். இன்றுவரை எங்கள் வீட்டில் சோபாவுக்கு அடியில் கிடைக்கும் குப்பைக்கு அதுதான் பெயர்.

தாத்தா ஊரிலிருந்து கடிதம் எழுதினார். பையன் நன்றாகவே படிப்பான், ஆனால் சில எழுத்து அவனுக்குப் புரியவில்லை. கையெழுத்து மோசமா?

கையெழுத்து அழகாகவே இருந்திருக்கும். தமிழ்நாடு அரசு 1978-இல் 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது: ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்களான ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, அப்புறம் ணை, லை, ளை, னை. பெரியார் 1935-லேயே தன் 'குடி அரசு' இதழில் பயன்படுத்திய சீர்திருத்தம் அது. அதற்குமுன் படித்தவர்கள் பலர் இன்றும் பழைய வடிவத்தில்தான் எழுதுகிறார்கள். அதில் ணா, றா, னா மூன்றுக்கும் கால் தனியாக நிற்காது. எழுத்தின் வாலே சுழித்து வளைந்துவிடும். லை, ளை போன்றவற்றுக்கு முன்னால் யானைத் துதிக்கைபோல ஒரு வளைவு மேலெழுந்து நிற்கும்.

இதற்கென்று அட்டை தேவையில்லை. கணினியில் இப்போதைய எழுத்துருக்களில் அந்த வடிவங்கள் பெரும்பாலும் வராது, அச்சிடவும் முடியாது. அடுத்த முறை வீடியோவில் பேசும்போது அந்த 13-ஐயும் ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள், பையன் பக்கத்திலேயே புது வடிவத்தை எழுதிக்கொள்ளட்டும். அந்தத் தாளைக் கடிதத்தோடு வைத்துப் பார்த்தால் ஒரு மாலைக்குள் படித்துவிடுவான்.